"கால் கிலோதானே, பையில் போட்டுக்கோ"

வெளிநாடு கிளம்புகிறவர் வீட்டுக்கு அடுத்தவர் பொட்டலம் வந்து சேரும் நேரம் பெரும்பாலும் ஒன்றுதான்: பெட்டியெல்லாம் கட்டி முடித்து, வாசலில் வண்டி நிற்கும்போது. அப்போது பிரித்துப் பார்க்க நேரமிருக்காது, முகத்தை முறித்துக்கொள்ளவும் மனம் வராது. அதனால் மறுக்கும் வேலையை டிக்கெட் போட்ட வாரமே தொடங்கிவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "இந்த முறை வேறு யாருடைய சாமானும் எடுத்துப் போகவில்லை, யாரும் தப்பா நினைக்காதீங்க" என்று ஒரு வரி போட்டால் போதும். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால், யாரையும் சந்தேகப்பட்டதாக ஆகாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த ஒரு தம்பதி தோஹா விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். தேனிலவுப் பரிசாகப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் கணவரின் அத்தை. அங்கே தனக்குத் தெரிந்தவரிடம் கொடுக்கச் சொல்லி அவர் தந்த பொட்டலத்தில் இருப்பது புகையிலை என்றார். இருந்தது 4 கிலோவுக்கு மேல் ஹஷீஷ். இருவருக்கும் 10 ஆண்டு சிறை. மனைவி அப்போது கர்ப்பிணி. குழந்தை சிறையில்தான் பிறந்தது. அத்தையோடு பேசிய தொலைபேசிப் பதிவுகள் கிடைத்து, இந்தியப் போதைப்பொருள் தடுப்புத் துறையும் விசாரித்த பிறகு, 2021-இல்தான் விடுதலையானார்கள்.

"எனக்குத் தெரியாது" என்பது அங்கே ஒரு பதிலே அல்ல, நீங்கள் நிரூபிக்க வேண்டிய ஒன்று. சிங்கப்பூர்ச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. போதைப்பொருள் இருக்கும் பெட்டியின் சாவியோ, அது இருக்கும் அறையின் சாவியோ உங்களிடம் இருந்தாலே அது உங்கள் வசம் இருந்ததாக அனுமானிக்கும். இல்லையென்று காட்டுவது உங்கள் பாடு. எனவே, "ரூம்ல வச்சிரு, ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து வாங்கிக்குவார்" என்று உறவினர் தரும் பூட்டிய பையையும் இதே கணக்கில் சேருங்கள். எடுத்துப் போவதும் வைத்திருப்பதும் ஒன்றுதான்.

இனி, நேரில் வந்து நிற்கும் அத்தையிடம் என்ன சொல்வது? "வெயிட் இல்லை அத்தை" என்று சொல்லாதீர்கள். உடனே, "கால் கிலோதானே" என்பார், பேரம் தொடங்கிவிடும். "பிரிச்சுப் பார்த்துட்டு எடுத்துக்கிறேன்" என்பதும் அரைகுறைக் காவல்தான். ஊறுகாய் பாட்டிலின் அடியிலும் பெட்டியின் இரட்டைத் தட்டிலும் இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கெட்ட எண்ணமே இல்லாத பொட்டலமும் மாட்டிவிடும்: குருமாப் பொடியில் கலந்த கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்டது, மாமாவின் முதுகுவலிக்கு எழுதிக் கொடுத்த டிரமடால் மாத்திரை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து.

சொல்ல வேண்டியது இப்படி: "அத்தை, நான் காசு கொடுத்து வாங்காத எதையும் என் பெட்டியில வைக்கிறதில்ல. என்ன வேணும்னு சொல்லுங்க, அங்கேயே வாங்கிக் கொடுத்துடறேன். இல்லைன்னா கூரியர்ல உங்க பேர்லயே அனுப்பிடலாம், நானே கூட வர்றேன்." உண்மையாகவே முறுக்கு அனுப்ப நினைத்தவர் இதற்கு ஒத்துக்கொள்வார். கூரியர் என்றதும் தயங்குகிறவர், இந்தக் குறிப்பிட்ட பொட்டலம்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர், செலவுக்குப் பணம் நீட்டுகிறவர் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் அந்நியரிடம் இவ்வளவு விளக்கம் தேவையில்லை. "அண்ணே, எடை கூடிப்போச்சு, இந்த ஒரு பையை மட்டும் உங்க பேர்ல போட்டுக்கோங்க" என்பவரிடம், "முடியாதுங்க, கவுண்டர்ல கேளுங்க" என்று சொல்லிவிட்டு நகருங்கள். வரிசையில் பையைப் பார்த்துக்கொள்ளவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பையைக் கையில் வாங்கிவிட்டுப் பிறகு மறுப்பது தாமதம். சாங்கியிலிருந்து ஊர் திரும்பும்போது, "இந்தச் செயினை மட்டும் போட்டுக்கிட்டு வந்துடுங்க, சென்னையில வாங்கிக்கிறோம்" என்பவர்கள் தங்கக் குருவி வேலைக்கு ஆள் பிடிப்பவர்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்.

உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் யாரோ பெட்டிக்குள் ஒன்றைச் செருகியிருப்பது விமான நிலைய வாசலில் தெரியவந்தால், வழியனுப்ப வந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். கொடுத்தனுப்பியவர் போய்விட்டார், பொருளின் மேலும் சந்தேகம் என்றால், பிரிக்காமல், குப்பைத் தொட்டியிலும் போடாமல், அங்குள்ள பாதுகாப்புப் படையினரிடம் சொல்லுங்கள். இறங்கிய பிறகுதான் தெரிந்தது என்றால் பச்சை வழியில் போகாதீர்கள். சிவப்பு வழியில் இருக்கும் சுங்க அதிகாரியிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அப்போதும் பிடித்து வைக்கலாம். ஆனால் மறைத்துப் பிடிபட்டவராக நிற்க மாட்டீர்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேளுங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. படிக்கத் தெரியாத மொழியில் நீட்டும் தாளில் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். கொடுத்தவரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.