ஸ்கிரீன்ஷாட்டில் பெயரை மறைப்பது எப்படி?

வாட்ஸ்அப்பில் சாதாரண உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், எதிரில் இருப்பவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. ஆகவே, பகிரும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதே முறை.

அடுக்ககக் குழுவில் தண்ணீர் லாரிக் கட்டணம் பற்றி வந்த ஒரு செய்தியை உறவினருக்கு அனுப்புவதாகக் கொள்வோம். அனுப்பியவரின் பெயரை அழித்தால் மட்டும் போதாது. அவருக்குப் பதில் எழுதியவரின் செய்திக்குள் அதே பெயர் மேற்கோளாக மீண்டும் நிற்கும். எண் சேமிக்கப்படாதவர்களின் கைபேசி எண்ணே திரையில் தெரியலாம். குழுவின் பெயர், முகப்புப் படம், "பி பிளாக் மாமி" போன்ற விளிப்பு ஆகியவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

மறைப்பதற்கு ஹைலைட்டர் பேனா உதவாது. அதன் மை ஒளி ஊடுருவக்கூடியது. படத்தின் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் மாற்றினால் அடியிலுள்ள எழுத்து தெரிந்துவிடலாம். மங்கலாக்குவதும் முழுப் பாதுகாப்பில்லை. முழுக் கறுப்புக் கட்டம் வைத்து, தேவையற்ற பகுதியை வெட்டி, அந்தப் படத்தையே மீண்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது நல்லது. கட்டண விவரம் மட்டும்தான் தேவையென்றால், படமே வேண்டாம். அதைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.