சுடாத சூப்பர்ஹீட்



குளிர்பதனச் சுழற்சியைத் தமிழில் எழுதும்போது கம்ப்ரஸர் தொல்லை தருவதில்லை. ‘அழுத்தி’ என்று அச்சிட்டாலும் கோவைப் பட்டறைகளில் அது கம்ப்ரஸர்தான், பொருள் கெடாது. கெடுவது சூப்பர்ஹீட்டில். அதை ‘அதிவெப்பம்’ என்று எழுதியதும் பயிற்சி பெறுபவர் சுடுகிற இடத்தைத் தேடுகிறார். சூப்பர்ஹீட்டை அளக்கும் குழாயோ தொட்டால் ஜில்லென்று வியர்த்திருக்கும். அகராதியோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளர் அந்தக் குழாயை ஒருமுறையாவது தொட்டுப் பார்ப்பது நல்லது.

‘ஆவியாக்கி’யும் இதே வகை. ஆவி என்றாலே இட்லிப் பானை நினைவுக்கு வருகிறது. ஆனால் கொதிப்பதற்குச் சூடு கட்டாயமல்ல. கொதிநிலையைத் தீர்மானிப்பது அழுத்தம். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், காற்றழுத்தம் குறைந்த ஊட்டியில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோவைப் பாடநூலுக்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடைக்காது. ஆர்-32 வாயு திறந்த வெளியில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதிக்கும். கூலிங் காயிலுக்குள் 123 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருப்பதால் சுமார் 5 டிகிரியில் கொதிக்கிறது. அறைக் காற்றின் வெப்பமே அதற்கு அடுப்பு.

கடைசித் துளியும் கொதித்து முடிந்த பிறகு வாயு கொதிநிலைக்கு மேல் எத்தனை டிகிரி ஏறியதோ, அதுவே சூப்பர்ஹீட். கொதிநிலை 5, கம்ப்ரஸருக்குத் திரும்பும் சக்ஷன் குழாய் 12 என்றால் சூப்பர்ஹீட் 7. தமிழ்ப் பாடத்தில் முதலில் இந்த வாக்கியம் வர வேண்டும். சொல் பிறகு வரட்டும், ‘சூப்பர்ஹீட்’ என்றே வந்தாலும் குறையில்லை.

இந்தக் கழித்தலின் பயன் பழுது பார்க்கும்போது தெரியும். கேப்பிலரி குழாய் பொருத்திய ஆர்-32 ஸ்பிளிட் ஏ.சி. ஒன்றில் சக்ஷன் அழுத்தம் 86 பிஎஸ்ஐக்கு இறங்கியிருக்கிறது; கொதிநிலை சுமார் மைனஸ் 5. பலரும் உடனே கேஸ் ஏற்றக் கிளம்பிவிடுவார்கள். குழாய் 15 டிகிரி காட்டினால் சூப்பர்ஹீட் 20: திரவம் காயிலின் முன்பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. கேஸ் கசிந்திருக்கலாம், கேப்பிலரி அடைத்திருக்கலாம். குழாயும் மைனஸ் 4 காட்டினால் சூப்பர்ஹீட் 1தான். கேஸ் இருக்கிறது, அதைக் கொதிக்க வைக்கக் காற்று வரவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பஞ்சுத் தூசு ஃபில்டரை அடைத்து இப்படி ஆவது உண்டு. அங்கே கேஸ் ஏற்றினால் திரவமே கம்ப்ரஸருக்குத் திரும்பி எண்ணெயைக் கரைக்கும். நாளடைவில் பேரிங் தேயும்.

எலக்ட்ரானிக் வால்வு உள்ள இன்வெர்ட்டர் ஏ.சி.யில் வால்வே சூப்பர்ஹீட்டைச் சரிசெய்துகொண்டிருக்கும். கேஸ் ஓரளவு குறைந்தாலும் எண் மாறாது. அதில் கம்ப்ரஸரை டெஸ்ட் மோடில் நிலையான வேகத்தில் ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். எந்த ஏ.சி.யானாலும் உணரியைக் குழாயோடு ஒட்டவைத்து மேலே இன்சுலேஷன் சுற்றவேண்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்றின் வெப்பமும் கணக்கில் சேர்ந்துவிடும்.