குப்புறப் படுக்கும் நேரமும் கறுப்பு வெள்ளைப் படங்களும்: இரண்டு மாதக் குழந்தையின் பெற்றோருக்கு

ஆறாவது, பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் தாய்மார் பலர் எங்களிடம் ஒரே ஐயத்தை எழுப்புகின்றனர்: "தூங்கும்போது குப்புறப் போடக் கூடாது என்கிறீர்கள், குப்புறப் போட்டுப் பழக்குங்கள் என்றும் சொல்கிறீர்கள். எதைச் செய்வது?" இரண்டையும் செய்ய வேண்டும். தூங்கும்போது குழந்தை எப்போதும் மல்லாந்தே படுக்க வேண்டும். திடீர் மரண அபாயத்தை அது குறைக்கிறது. விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் அருகிலிருந்து கவனிக்க, குப்புறப் படுக்க வேண்டும். தவழத் தொடங்காத குழந்தைக்கு இது நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது தேவை என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. இந்த 30 நிமிடம் ஒரே தடவையில் அன்று; சிறு சிறு பொழுதுகளாகச் சேர்வதாகும்.

குழந்தை ஏன் அழுகிறது?

இரண்டு மாதக் குழந்தைக்குத் தலை கனமானது. கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. சில விநாடிகள் தலையைத் தூக்கியதும் களைத்துவிடும். தூக்கியபின் பார்ப்பதற்கு வெறும் தரை மட்டுமே இருந்தால், மீண்டும் தூக்க அதற்குக் காரணமும் இல்லை. அந்தக் காரணத்தைத் தருவதே படத்தின் வேலை.

இவ்வயதில் குழந்தை 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளதையே ஓரளவு தெளிவாகக் காணும். விழித்திரை இன்னும் முதிராததால், கடையில் விற்கும் வெளிர் இளஞ்சிவப்பு, வெளிர் நீலப் பொம்மைகள் அதற்கு மங்கலாகவே தெரியும். கறுப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து நிற்கும் விளிம்பு எளிதில் கண்ணில் படும்.

படத்தை வீட்டிலேயே செய்யலாம்

தடித்த வெள்ளை அட்டையை நடுவில் மடித்துக் கூரைபோல் நிற்க வையுங்கள். ஒரு பக்கத்தில் விரல் அகலத்துக்கும் சற்றுக் கூடுதலான கறுப்புப் பட்டைகளையும், மறுபக்கத்தில் ஒரு பெரிய வட்டத்துக்குள் மற்றொரு வட்டத்தையும் வரையுங்கள். கோலம் போட விரும்பினால் நான்கைந்து தடித்த கோடுகள் போதும். நுணுக்கமான புள்ளிக்கோலம் இக்கண்களுக்குச் சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். மணி, ஊசி, பின், நீண்ட நூல் எதுவும் அட்டையில் இருக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஓர் அட்டையே போதும். கைப்பேசித் திரை இதற்கு மாற்று ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு

எட்டு வாரக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் தூளியில் கிடக்கிறது. தலை வலப்பக்கமே திரும்புகிறது. தரையில் குப்புறப் போட்டால் உடனே அழுகிறது.

முதல் மூன்று நாட்கள் தரை வேண்டாம். தாய் சாய்ந்து அமர்ந்து, குழந்தையைத் தன் மார்பின்மேல் குப்புறக் கிடத்துகிறார். துணி மாற்றியபின் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம். நாளுக்கு ஐந்தாறு முறை. இங்கே தாயின் முகமே படம். பாட்டி கால்களை நீட்டிக் குழந்தையைக் குப்புறக் கிடத்திக் குளிப்பாட்டும் வழக்கமும் இத்தகைய பயிற்சியே.

நான்காம் நாள் முதல் தரையில் பாய் விரித்து, மேலே ஒரு விரிப்பைச் சுருக்கமின்றி இடுகிறார். மெத்தை கூடாது, மூக்கு அழுந்தும். சிறு துண்டைச் சுருட்டி மார்புக்கு அடியில் வைத்துக் கைகளை முன்னே கொண்டுவருகிறார். அட்டை தரையிலேயே, முகத்துக்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் முன்னால், சற்று இடப்பக்கமாக நிற்கிறது. வலப்பக்கமே பார்த்துப் பழகிய கழுத்தை அது மெல்லத் திருப்பும். குழந்தை பார்த்தபின் அட்டையை மிக மெதுவாக நகர்த்துகிறார். உயரத் தூக்கிப் பிடிப்பதில்லை. கழுத்து வலுவானபின்பே அட்டை உயரும்.

அடுத்த வாரங்களில் ஒரு நிமிடம் இரண்டாகி, பின் மூன்றாகிறது. மூன்று நிமிடம் வீதம் பத்து முறை என்றால் 30 நிமிடம் ஆகிவிடும்.

ஒரகடத்தில் இரவுப் பணி முடித்து வரும் தந்தை, உறங்கி எழுந்தபின் தம் பங்கைச் செய்யட்டும். களைப்போடு குழந்தையை மார்பில் கிடத்தியபடியே கண்ணயர்வது ஆபத்தானது.

எப்போது நிறுத்துவது?

பால் குடித்து அரைமணி நேரம் கழியட்டும். முகத்தைத் தரையில் தேய்த்தால், முனகினால், கொட்டாவி விட்டால் அழுகைக்கு முன்பே தூக்கிவிடுங்கள். உறங்கிவிட்டால் உடனே மல்லாத்திப் படுக்க வையுங்கள். தடுப்பூசி போட்ட தொடை வலிக்கும் ஓரிரு நாட்கள் தாயின் மார்பே போதும்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

மூன்று மாதம் நிறைந்தும் குப்புற நிலையில் தலையைத் தூக்காவிட்டால், முகத்தையோ படத்தையோ கண்களால் பின்தொடராவிட்டால், தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் அல்லது ஒரு பக்கம் தட்டையானால் காத்திராமல் வாருங்கள். கண்மணியில் வெண்மை தெரிந்தால் எந்த வயதாயினும் அன்றே வாருங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து அன்றி, எதிர்பார்த்த பிரசவ நாளிலிருந்து மாதங்களை எண்ணுங்கள்.