எமனிடம் ஐந்து வரம்: சாவித்திரி உண்மையில் என்ன கேட்டாள்?

ஓம் சரவணபவ. 

எமனைப் பற்றி நமக்குப் பழக்கமான வழி ஒண்ணு இருக்கு. எமன் வரும் நாளில் நீ மயில் மேல் வந்து நில் என்று அருணகிரிநாதர் திருப்புகழிலும் கந்தர் அலங்காரத்திலும் முருகனைக் கூப்பிடுவார். திருக்கடையூரில் மார்க்கண்டேயர் லிங்கத்தைக் கட்டிக்கொண்டார், சிவன் எமனைக் காலால் உதைத்தார். இரண்டிலும் சாமி வந்து காப்பாத்துது.

ஆனால் யாரும் வந்து உதைக்காமல், ஒரு மனுஷி தனியாகப் பேசியே எமனைத் திருப்பி அனுப்பிய கதையும் நம்மிடம் இருக்கு. அதுதான் சத்தியவான் சாவித்திரி. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் காரடையான் நோன்பு இருக்கிற வீடுகளில் சொல்கிற கதை. மகாபாரதத்தில் வன பர்வத்தில் வருது. இதில் ஒரு அழகு என்னன்னா, காட்டில் இருக்கும் தருமருக்கு இந்தக் கதையைச் சொல்வதே மார்க்கண்டேய முனிவர்தான்!

வீட்டில் சொல்லும் கதை

எங்க சேலையூர் பக்கம் பாட்டிமார்கள் சொல்வது சுருக்கமா இப்படி இருக்கும். சத்தியவான் உயிரை எமன் எடுத்துட்டுப் போறான். சாவித்திரி பின்னாடியே போறா. "புருஷன் உயிரைத் தவிர என்ன வேணா கேளு" என்கிறான் எமன். அவள் "எனக்கு நூறு பிள்ளை வேணும்" என்கிறாள். அவனும் யோசிக்காமல் "தந்தேன்" என்கிறான். "புருஷன் இல்லாம எப்படிப் பிள்ளை?" என்று அவள் மடக்க, எமன் ஏமாந்து உயிரைத் திருப்பிக் கொடுக்கிறான்.

கேட்க நல்லா இருக்கு. ஆனால் எங்க ஆபீஸ்ல கூட வேலை பார்க்கும் தம்பி ஒருத்தன் இதைக் கேட்டுட்டு, "அப்போ இது ஏமாத்து வேலைதானே அண்ணா? எமதர்மராஜாவையே வார்த்தையில ஏமாத்தினா அது எப்படி தர்மம் ஆகும்?" என்றான். நியாயமான கேள்வி. பதில் சொல்லணும்னா மூலக் கதையில் யார் எந்த வரிசையில் என்ன பேசினார்கள் என்று பார்க்கணும்.

எமன் வருவதற்கு முன்னால்

மத்திர நாட்டு அரசர் அசுவபதியின் மகள் சாவித்திரி. தன் கணவனைத் தானே தேடித் தேர்ந்தெடுத்தாள். நாட்டை இழந்து, பார்வையும் இழந்து, காட்டில் வாழ்ந்த சால்வ அரசர் துயுமத்சேனரின் மகன் சத்தியவான்தான் அவன். "இன்றிலிருந்து ஒரு வருஷத்தில் அவன் இறந்துவிடுவான், வேறு ஆளைப் பார்" என்று நாரதர் சொன்னார். மனசில் ஒருமுறை வரித்தது வரித்ததுதான் என்று அவள் மாறவில்லை. அதன் பிறகு அந்த ஒரு வருஷமும் இந்த ரகசியத்தைப் புருஷனிடமும் மாமனார் மாமியாரிடமும் சொல்லாமல், நாளை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

கெடுவுக்கு மூன்று இரவு முன்பு விரதம் தொடங்கினாள். சாப்பாடு இல்லை, நின்றபடியே விரதம். நான்காம் நாள் சத்தியவான் விறகு வெட்டக் காட்டுக்குக் கிளம்பினான். அவள் மாமனார் மாமியாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கூடவே போனாள். விறகு வெட்டும்போது அவனுக்குத் தலைவலி வந்தது. அவள் மடியில் தலைவைத்துப் படுத்தான்.

சிவந்த ஆடை, கையில் பாசக்கயிறு. எமனே நேரில் வந்தான். "உங்கள் தூதர்கள்தானே வருவார்கள், நீங்களே வந்தது ஏன்?" என்று கேட்டாள். இவன் தர்மவான், தூதர்கள் கொண்டுபோகத் தக்கவன் அல்ல என்று எமன் பதில் சொன்னான். சத்தியவான் உடலிலிருந்து கட்டைவிரல் அளவு உருவத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தான். அவளும் நடந்தாள்.

ஐந்து வரங்கள்

"திரும்பிப் போ, அவனுக்குச் செய்யவேண்டிய காரியங்களைச் செய்" என்றான் எமன். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. தர்மத்தைப் பற்றிப் பேசினாள். "ஏழு அடி சேர்ந்து நடந்தாலே நட்பு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நாம் நடந்துவிட்டோம். அந்த நட்பில் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்" என்று தொடங்கினாள். அவள் ஒவ்வொரு முறை பேசியதும் எமனுக்கு மனசு குளிர்ந்து ஒரு வரம் கொடுத்தான்.

1. முதல் வரம், சத்தியவான் உயிரைத் தவிர. மாமனாருக்குப் பார்வை கேட்டாள்.
2. இரண்டாவது, அதே நிபந்தனை. மாமனாருக்கு இழந்த நாட்டைக் கேட்டாள்.
3. மூன்றாவது, அதே நிபந்தனை. ஆண் வாரிசு இல்லாத தன் அப்பாவுக்கு நூறு மகன்கள் கேட்டாள்.
4. நான்காவது, அதே நிபந்தனை. தனக்கும் சத்தியவானுக்கும் நூறு மகன்கள் கேட்டாள். எமன் "அப்படியே ஆகட்டும்" என்றான்.

வீட்டுக் கதை இங்கே முடிந்துவிடும். மூலத்தில் முடியவில்லை. நான்காவது வரம் கிடைத்ததும் அவள் "மாட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்கவே இல்லை. மறுபடியும் பேசுகிறாள். நல்லவர்கள் கொடுத்ததற்காக வருந்துவதில்லை, நல்லவர்களின் அருள் வீண்போவதில்லை என்கிறாள். எமன் நெகிழ்ந்துபோய், "ஒப்பில்லாத ஒரு வரம் கேள்" என்கிறான்.

கவனிங்க. இந்த ஐந்தாவது முறை "சத்தியவான் உயிரைத் தவிர" என்ற சொல் எமன் வாயிலிருந்து வரவில்லை.

கோடு எழுதுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாலு தடவை இருந்த கண்டிஷன் அஞ்சாவது தடவை இல்லை. சாவித்திரி அதை உடனே பிடித்துக்கொண்டாள். மறைக்காமல் வெளிப்படையாகவே சொன்னாள்: மற்ற வரங்களில் வைத்த விலக்கை இதில் நீங்கள் வைக்கவில்லை. ஆகவே சத்தியவான் பிழைக்கட்டும் என்று கேட்கிறேன். எனக்கு நூறு மகன்கள் என்று நீங்களே தந்தீர்கள், கணவனையும் நீங்களே கொண்டுபோகிறீர்கள். இவர் பிழைத்தால்தான் உங்கள் சொல்லே உண்மையாகும்.

எமன் கோபப்படவில்லை. மகிழ்ச்சியோடு பாசத்தை அவிழ்த்தான். நானூறு வருஷம் இவனோடு வாழ்வாய் என்று சேர்த்தும் கொடுத்தான்.

ஏமாற்றினாளா?

தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். ஏமாற்றுவது என்றால் எதிராளிக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்வது. நூறு பிள்ளை வரத்தை மட்டும் வைத்து அவள் வாதாடியிருந்தால், "நான்தான் உயிரைத் தவிர என்று சொன்னேனே" என்று எமன் மறுத்திருக்க முடியும். அந்த வரத்தில் அந்த நிபந்தனை இருந்தது. அதனால்தான் அவள் அங்கே நிற்காமல் மேலே பேசினாள். நிபந்தனை இல்லாத ஐந்தாவது வரம் வந்த பிறகே உயிரைக் கேட்டாள். நூறு பிள்ளை வரத்தை அதற்குத் துணையான காரணமாகத்தான் காட்டினாள்.

எமனுக்கு இன்னொரு பெயர் தர்மராஜன். சொன்ன சொல்லைக் காப்பவன். அவன் கொடுத்த நான்காவது வரமும், அவன் இழுத்துப்போகும் உயிரும் ஒன்றுக்கொன்று முரண். அந்த முரணை அவனுக்கு எடுத்துக் காட்டி, அதிலிருந்து வெளியே வர வழியையும் அவளே சொன்னாள். எமன் தோற்கவில்லை, தன் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டான். அவளும் ஜெயித்தாள்.

வரிசையையும் பாருங்க. முதல் இரண்டு மாமனாருக்கு, மூன்றாவது அப்பாவுக்கு. மூன்று வரம் வரை தனக்கென்று அவள் எதுவும் கேட்கவில்லை.

நோன்பும் சாவும்

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. பெருங்களத்தூரில் இருக்கும் என் பெரியம்மா முப்பது வருஷத்துக்கு மேல காரடையான் நோன்பு விடாமல் இருந்தவங்க. சூரியன் மீன ராசிக்குப் போகும் நேரம் சில வருஷம் பகலில் வரும், சில வருஷம் விடியற்காலை மூணு மணிக்கு வரும். எந்த நேரமானாலும் எழுந்து குளித்து, வறுத்த அரிசி மாவு, வெல்லம், காராமணி சேர்த்து அடை தட்டி ஆவியில் வேகவைத்து, உருகாத வெண்ணெயோடு நைவேத்தியம் செய்து, மாசி போவதற்குள் மஞ்சள் சரடு கட்டிக்குவாங்க. பெரியப்பா மாரடைப்பில் போன பிறகு, துக்கம் கேட்க வந்த ஒருத்தர், "போன நோன்புக்கு நேரம் தவறிப் போச்சோ?" என்று கேட்டார். பெரியம்மா அன்றிலிருந்து அந்தக் கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கிட்டு இருக்காங்க.

அவங்களுக்குச் சொல்ல மூலக் கதையிலேயே பதில் இருக்கு. சாவித்திரி மூன்று இரவும் குறை இல்லாமல் விரதம் இருந்தாள். ஆனாலும் நாரதர் சொன்ன அதே நாளில் எமன் வந்தான். சத்தியவான் இறந்தான். விரதம் சாவைத் தடுத்தது என்று கதை சொல்லவே இல்லை. எமன் வந்த பிறகு அவள் பின்னால் நடந்தாள், பேசினாள். அதற்குத்தான் வரங்கள் கிடைத்தன. சாவித்திரியின் விரதத்துக்கே தள்ளிப்போகாத நாள், நம்ம வீட்டு அடை பத்து நிமிஷம் தாமதமானதால் வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

நோன்பு இருக்கிறவங்க தாராளமா இருக்கட்டும். கணவன் நல்லா இருக்கணும்னு வேண்டுவது அன்பு. ஆனால் கணவனை இழந்த பெண்ணிடம் போய் நோன்பில் குறை தேடுகிறவருக்கு இந்தக் கதையில் ஆதாரம் கிடையாது. அதே மாதிரி, நோன்பு அன்னிக்கு அவங்களை அடுப்படிக்குள் விடாமல் ஒதுக்குவதற்கும் சாவித்திரி கதையில் ஒரு வரி கூட இல்லை.

வரும் மாசிக் கடைசியில் உங்க வீட்டில் கதை சொல்லும்போது நாலு வரத்தோடு நிறுத்தாதீங்க. ஐந்தாவது வரத்தையும், அதற்கு முன் எமன் விட்டுவிட்ட அந்த ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்க. சின்னப் பசங்க நிச்சயம், "ஏன் பாட்டி அவன் அதைச் சொல்லலை?" என்று கேட்பாங்க. அவள் பேச்சைக் கேட்டு அவன் மனசு இளகிடுச்சு, அதான்.

முருகா சரணம்.