நகல் எப்போது சான்றாகும்?

வீடு வாங்க விரும்பும் ஒருவர் 3 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்துக் கிரைய ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார். மூல ஒப்பந்தம் விற்பவரிடமே தங்கிவிடுகிறது. வாங்குபவரிடம் இருப்பது ஒளிநகல் மட்டுமே. பின்னாளில், அப்படியோர் ஒப்பந்தமே இல்லை என்று விற்பவர் மறுக்கிறார். இந்த நகல் நீதிமன்றத்தில் ஏற்கப்படுமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின்படி மூல ஆவணமே முதல்நிலைச் சான்று. ஒளிநகல் இரண்டாம்நிலைச் சான்று. மூலத்தைத் தாக்கல் செய்ய இயலாமைக்குச் சட்டம் ஏற்கும் காரணம் இருந்தால் மட்டுமே அது அனுமதிக்கப்படும். மூலம் எதிர்த்தரப்பினரிடம் இருப்பது அத்தகைய காரணங்களுள் ஒன்று.

எனவே வாங்குபவர் முதலில், மூலத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுமாறு விற்பவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் தாக்கல் செய்யத் தவறினால் நகலை முன்வைக்கலாம். அது மூலத்திலிருந்தே நேரடியாக எடுக்கப்பட்டது என்பதை, எடுத்தவரோ உடனிருந்தவரோ சாட்சியம் கூறி நிலைநாட்ட வேண்டும். மூலத்துடன் ஒப்பிடப்படாத, நகலின் நகல் ஏற்கப்படாது.

நகல் அனுமதிக்கப்பட்டாலும் வழக்கு முடிந்துவிடுவதில்லை. ஒப்பந்தத்தில் இருப்பது விற்பவரின் கையொப்பமே என்பதைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தை இரு படிகளாக எழுதி, இரண்டிலும் இருவரும் கையொப்பமிட்டிருந்தால் ஒவ்வொரு படியும் முதல்நிலைச் சான்றாகியிருக்கும். இத்தனை சிரமமும் நேர்ந்திராது.