லைட் டூட்டி என்றால் எத்தனை கிலோ?

"லைட் டூட்டி கொடுக்கவும்" என்ற ஒற்றை வரியோடு வரும் ஃபிட்னஸ் சீட்டால் யாருக்கும் பயனில்லை. நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து இப்படிப்பட்ட சீட்டுகளை நிறையவே வாங்கி ஃபைலில் போட்டிருக்கிறேன். லைட் டூட்டி என்றால் மேஸ்திரிக்குத் துடைப்பம், மேனேஜருக்கு கேட்டில் ஒரு நாற்காலி, சீட்டைக் கொண்டுவந்த ஆளுக்கு 'கூலி குறையப் போகிறது' என்ற கவலை. எழுதிய டாக்டர் என்ன நினைத்தார் என்று மூவருக்குமே தெரியாது.

2024 ஜூனில் எங்கள் லோடுமேன் ஒருவருடைய விஷயத்தைச் சொன்னால் விளங்கும். நாற்பதைத் தாண்டியவர். லாரியில் 50 கிலோ தீவன மூட்டை ஏற்றுவதுதான் வேலை. பத்து டன் லோடு என்றால் 200 மூட்டை. அதை நாலைந்து பேர் பிரித்து ஏற்றுவார்கள். கீழ்முதுகில் வட்டு விலகி, வலி இடது காலுக்கு இறங்கி, ஆபரேஷன் இல்லாமல் மருந்திலும் ஓய்விலும் தேறியவர். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கொடுத்த இறுதிச் சான்றோடு ஜூன் 10, திங்கள்கிழமை காலை வந்து நின்றார். "நான் வேலைக்கு வந்துட்டனுங்க சார், மூட்டை மட்டும் இப்பத்திக்கி வேண்டாம்னு டாக்டர் வாயில சொன்னாருங்க" என்றார். சான்றில் மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இதில் மருந்தக டாக்டரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தச் சான்று எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வேலைக்கு வர முடியாத நிலை, எந்த நாளில் திரும்பலாம் என்பதைச் சொல்வதற்காக ஏற்பட்டது. நோய்க்காலப் பணப்பயன், அதாவது சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், எத்தனை நாளுக்கு என்று கணக்குப் போட அது வேண்டும். அந்தக் கணக்குக்கு ஆள் வேலைக்கு வரலாம், அல்லது வரக்கூடாது. நடுவில் ஒன்று தேவைப்படவில்லை. ஆனால் ஆலைக்குள் நடக்கிற விஷயம் எல்லாம் அந்த நடுவில்தான் இருக்கிறது. பிரிட்டனில் 2010 ஏப்ரலில் பழைய நோய்ச் சீட்டை மாற்றி, 'சில ஏற்பாடுகள் செய்தால் வேலைக்கு வரலாம்' என்று டாக்டர் குறிக்க ஒரு கட்டத்தைச் சேர்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது, நேரத்தை மாற்றுவது, வேலையை மாற்றுவது, வேலை இடத்தைத் திருத்துவது என்று அதில் நான்கு வழிகள். நம் ஊரில் அந்தக் கட்டத்தை ஆலையின் டாக்டர்தான் தனியாக எழுதித் தர வேண்டியிருக்கிறது.

எங்கள் ஆலைக்கு டாக்டர் வருவது புதன்கிழமைகளில் மட்டும். ஆக, திங்களும் செவ்வாயும் அந்தரத்தில் நின்றன. ஈ.எஸ்.ஐ. கணக்கில் ஆள் தேறிவிட்டார், ஆகவே பணப்பயன் கிடையாது. ஆலைக் கணக்கில் இன்னும் எந்த வேலைக்கும் விடவில்லை. அந்த இரண்டு நாளுக்கும் வேலை வாங்காமல் வருகைக் கூலி போடச் சொல்லி முதலாளியிடம் கையெழுத்து வாங்கினேன். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: நீண்ட லீவில் இருப்பவர் இறுதிச் சான்று வாங்கப் போகும் முன்பே எங்களுக்கு ஒரு போன் செய்துவிட வேண்டும். திரும்பும் நாளும் ஆலை டாக்டர் வரும் நாளும் ஒன்றாக அமையும்படி பார்த்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை எங்கள் டாக்டரும் பழக்கத்தில் "கனமான வேலை தவிர்க்கவும்" என்றுதான் எழுதத் தொடங்கினார். பேனாவை நிறுத்தச் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு பேக்கிங் பகுதியை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஃபிட்னஸ் சீட்டுக்காக நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். மேஸ்திரி முதலில் சொன்னது, "சிந்துன மக்காச்சோளத்தைக் கூட்டட்டுமே, அதுல என்ன வெயிட்டுங்க?" டாக்டர் துடைப்பத்தை வாங்கி நாலு இழுப்பு இழுத்துக் காட்டினார். எடை இல்லைதான், ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் இடுப்பு குனிந்து, குனிந்த நிலையிலேயே திரும்புகிறது. வட்டு விலகியவருக்கு அதுதான் ஆகாது. மூட்டை தைக்கும் மெஷினில் மூட்டையைத் தூக்க வேண்டாம், ஆனால் ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் இழுத்து நகர்த்த வேண்டும். எடை மேடை அறையில் ஷிஃப்ட் முழுக்க நாற்காலி. நீண்ட நேரம் உட்காருவதும் கீழ்முதுகுக்குச் சுமை. ஃபோர்க்லிஃப்ட்டில் குலுக்கல்.

கடைசியில் பொருந்தியது மருந்து அறை. தீவனத்தில் கலக்கும் வைட்டமின், தாது உப்புகளை அளந்து பொட்டலம் போடும் வேலை. அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. 25 கிலோ பை தரையில் இருக்கும். அதற்குள் குனிந்துதான் அள்ள வேண்டும். பையை வேறொருவர் மேஜைமேல் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைப்பது என்று முடிவானது. உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு அமைப்பு தரும் வழிகாட்டி அளவைப் பார்க்கலாம். உடல்நலம் உள்ள ஆண், உடம்போடு ஒட்டி முழங்கை உயரத்தில் தூக்க 25 கிலோ. அதே ஆள் கையை நீட்டித் தரையிலிருந்து எடுக்க 5 கிலோ. வெறும் "10 கிலோ வரை" என்று எழுதினால் பாதிதான் எழுதியதாகும். எந்த உயரத்திலிருந்து, எத்தனை முறை என்பதும் வேண்டும்.

அன்று எழுதிய சீட்டின் வாசகம் இது:

"10 கிலோவுக்கு மேல் தூக்கவோ இழுக்கவோ கூடாது. அதுவும் இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் மட்டும், மணிக்குப் பத்து முறைக்கு மிகாமல். குனிந்து திரும்பும் வேலை கூடாது. தொடர்ந்து அரை மணிக்கு மேல் ஒரே நிலையில் உட்காரவோ நிற்கவோ கூடாது. லாரி மீதும் ஏணி மீதும் ஏறக் கூடாது. பகல் ஷிஃப்ட் மட்டும், ஓவர்டைம் இல்லை. 12.06.2024 முதல் 23.07.2024 வரை. மறுபரிசோதனை 19.07.2024."

நோயின் பெயர் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மேஸ்திரிக்கும் மேனேஜருக்கும் தேவை என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்பதே. ஸ்கேன் ரிப்போர்ட் டாக்டரின் ஃபைலில் பூட்டில் இருக்கட்டும். சீட்டின் ஒரு பிரதி மேஸ்திரியிடம், ஒன்று அந்த ஆளின் சட்டைப்பையில். சட்டைப்பைப் பிரதிதான் அதிகம் உதவும். ஆள் பற்றாக்குறையான நாளில் "ஒரு கை குடுப்பா" என்று லாரிக்காரர் கூப்பிட்டால் காட்ட ஒன்று வேண்டுமே.

தேதிகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், சண்டை முளைப்பது அங்கேதான். லாரிக்கு எஃப்.சி. முடியும் தேதியை இந்த ஊரில் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். ஆளுக்குக் கொடுத்த சீட்டு எப்போது முடிகிறது என்று முதலாளிக்கும் தெரியாது. முடியும் தேதி இல்லாத சீட்டு இரண்டில் ஒன்றாகும். ஒன்று, பத்து நாளில் எல்லோரும் மறந்து ஆள் மறுபடி மூட்டைக்குப் போய்விடுவார். அல்லது, ஆறு மாதம் கழித்தும் அதே பொட்டலம் போட்டுக்கொண்டிருப்பார். அவருக்கே அது பிடிக்காது. மறுபரிசோதனை நாள் முடிவு நாளுக்குச் சில நாள் முன்பாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளாக இருந்து, அன்று டாக்டர் வராவிட்டால், மறுநாள் காலை அவர் எந்த வேலைக்குப் போவது? கட்டுப்பாடு தானாக விலகிவிட்டது என்று மேஸ்திரி சொல்வார், நீடிக்கிறது என்று ஆள் சொல்வார். டாக்டர் முதலில் போட்டது ஜூலை 17, புதன். காலண்டரைப் பார்த்தால் அன்று முஹர்ரம் விடுமுறை. அதனால்தான் 19, வெள்ளிக்கிழமைக்கு மாற்றி, அன்று தனியாக வரச் சொன்னோம். "மறுபரிசோதனையில் மாற்றப்படாதவரை இந்தக் கட்டுப்பாடுகள் தொடரும்" என்ற வரியையும் பிறகு வந்த சீட்டுகளில் சேர்த்துக்கொண்டோம்.

அந்த நாள் வரை காத்திருக்கவே கூடாத சங்கதிகளும் உண்டு. டாக்டர் அவரிடம் அழுத்திச் சொன்னவை. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது, தொடையிடுக்கில் மரத்துப்போவது. இதில் ஒன்று வந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லீவு லெட்டரெல்லாம் பிறகு.

கூலி விஷயம் சீட்டில் வராது, ஆனால் சீட்டின் விதியைத் தீர்மானிப்பது அதுதான். லோடுமேனுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. மருந்து அறையில் தினக்கூலி, நல்ல லோடு நாளில் கிடைப்பதைவிடக் குறைவு. வேலை செய்து கூலி வாங்கிய நாளுக்கு ஈ.எஸ்.ஐ.யில் நோய்ப்பணமும் கேட்க முடியாது. இந்தப் பள்ளத்தை நிரப்பாமல் கட்டுப்பாட்டை மட்டும் கொடுத்தால், இரண்டாவது வாரமே "எனக்கு சரியாப் போச்சுங்க" என்று அவரே வந்து நிற்பார். வலியை மறைக்கிற ஆட்களை நான் குறை சொல்வதில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அவர் லீவுக்கு முந்தைய மூன்று மாதச் சராசரியை எடுத்து, கட்டுப்பாட்டுக் காலம் முழுக்க அதையே தருவதாக ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டோம். சட்டம் இப்படித்தான் செய் என்று சொல்வதால் செய்ததல்ல, பேசி முடித்தது. பேசாத ஆலைகளில் சீட்டு சட்டைப்பையை விட்டு வெளியே வருவதில்லை.

ஜூலை 19 அன்று வெறும் "எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியோடு விடவில்லை. ஐந்து வாரத்தில் எந்த வேலை செய்தபோது வலி வந்தது, ஷிஃப்ட் முடிந்தபின் வலி எவ்வளவு நேரம் நின்றது, காலையில் எழும்போது கால் இழுத்ததா என்று டாக்டர் கேட்டார். முன்பே குறித்துவைக்கச் சொல்லியிருந்ததால் அவரால் பதில் சொல்ல முடிந்தது. முழங்கை உயரத்தில் 20 கிலோ வரை, எப்போதாவது குனியலாம், லாரி ஏறக்கூடாது என்று அடுத்த சீட்டு வந்தது: ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 20 வரை, மறுபரிசோதனை ஆகஸ்ட் 14.

ஆகஸ்ட் 14 அன்று எழுதியது வேறு மாதிரி. 50 கிலோ மூட்டை இனி வேண்டாம், நிரந்தரமாக. நிரந்தரம் என்றாலும் டாக்டர் அதில் ஒரு மறுபரிசோதனை நாளைப் போட்டார், ஓராண்டு கழித்து. உடம்பு மாறும், ஆலையில் மெஷினும் மாறும் என்றார். அவரை மருந்து அறையிலேயே நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். சராசரிக் கூலி ஒப்பந்தம் அத்தோடு முடிந்து, புதிய கூலிக்கான பேச்சு தொடங்கியது; அது தீபாவளி போனஸ் வரை இழுத்தது.