நகையும் விளக்கமும்: இராமநாதபுரக் கடற்கரை வழக்கொன்றை முன்வைத்து

முன்னுரை

நகைச்சுவையை விளக்கினால் சுவை கெடுகிறது என்பது பொதுவான அனுபவம். அது ஏன் கெடுகிறது, கெடாமல் விளக்கும் முறை யாது என்பவற்றை இராமநாதபுரம் மாவட்டம் சார்ந்த ஒரு வழக்கைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வழக்கும் நகையும்

வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பிய வறண்ட நிலம் இராமநாதபுரம். அரசு ஊழியரை அங்கு மாற்றுவது தண்டனையாகக் கருதப்பட்டதால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுதல்' என்னும் தொடர் அம்மாவட்டத்தைச் சுட்டி வழங்கலாயிற்று. அதே மாவட்டத்தில்தான் இராமேசுவரம் திருக்கோயிலின் 22 தீர்த்தங்களும் உள்ளன. அங்குக் கிணறு கிணறாகச் செல்லும் அடியவர்மீது வாளியால் நீர் இறைத்து ஊற்றுவர்.

இவ்விரண்டையும் இணைத்து ஒரு நகைத்துணுக்கை அமைத்துக்கொள்ளலாம். அங்கு மாற்றலாகி வந்த அலுவலர் ஒருவர், "தண்ணியில்லாக் காடு என்றார்கள், வந்த அன்றே இருபத்திரண்டு முறை குளிப்பாட்டிவிட்டார்களே!" என்கிறார்.

சுவை கெடும் காரணம்

வழக்கும் தீர்த்தமும் அறிந்தவர் உடனே நகைப்பர். அறியாத ஈழத்தவரோ மலேசியத் தமிழரோ வாளாவிருப்பர். அவரிடம், "அது தண்டனை மாற்றல், இங்கே தீர்த்தங்கள் 22, ஆகவே முரண்" என்று பின்னர் விளக்கினால், "ஓ, அப்படியா" என்பார், நகையார்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, வறட்சியையும் நீராட்டையும் கேட்போரே திடுமென இணைப்பதில்தான் சுவை பிறக்கிறது. விளக்குபவர் அவ்விணைப்பைத் தாமே செய்துவிடுகிறார். இரண்டாவது, தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களங்களுள் பேதைமையும் ஒன்று. துணுக்கில் பேதைமை, நீரற்ற ஊரென நம்பி வந்த அலுவலருடையது. பின்விளக்கம் தொடங்கியதும் அது கேட்போருடையதாகிவிடுகிறது. நகைக்க வேண்டியவரே நகைக்கு இலக்காகிறார்.

விளக்கும் முறை

எனவே, பின்புலச் செய்தி துணுக்குக்கு முன்னரே அமைய வேண்டும். தண்டனை மாற்றலைப் பற்றி இயல்பான பேச்சில் ஒருமுறை குறிப்பிட்டுத் தீர்த்தமாடும் முறையைச் சற்று இடைவெளிவிட்டுச் சொல்லலாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் இணைப்பு முன்பே வெளிப்பட்டுவிடும். இணைக்கும் வேலை கேட்போருக்கே உரியது.

துணுக்கு முன்னரே சொல்லப்பட்டுத் தோற்றிருந்தால் அதைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. செய்திகளை மட்டும் தெரிவித்துவிட்டு, அவற்றையே சார்ந்த புதிய துணுக்கைத் தொடரலாம்: "தண்ணியில்லாக் காட்டிலிருந்து அவர் அனுப்பிய முதல் விடுப்பு விண்ணப்பத்தில் காரணம், நனைந்ததால் சளி." இப்போது கேட்போர் தாமே இணைத்து நகைப்பர், முந்தைய துணுக்கும் அவருக்குப் பின்னோக்கி விளங்கும்.

முடிவுரை

இம்முறை செய்தியறிவுக் குறையை நிரப்பும். பகடிக்கு உள்ளாகும் ஊரின்மீது கேட்போர் பற்றுடையவராயின் தடை அறிவில் இல்லை. அங்கு விளக்கம் பயன்படாது. பின்புலத்தை முன்வைத்து முடிச்சைக் கேட்போரிடம் விடுவதே சுவை கெடாத விளக்கம். கேட்போர் தாமும் ஒரு துணுக்கைத் தொடுப்பது அது பலித்ததற்கான அடையாளம்.